ரப்பர் பெல்ட்டைத் தேடி

ஸ்கூட்டரில் இருப்பதும் சிவிடிதான், காரில் இருப்பதும் சிவிடிதான். ஸ்கூட்டர் பெல்ட் தேய்ந்தால் தெருமுனை மெக்கானிக் பக்க மூடியைக் கழற்றிப் புதியதை மாட்டி அனுப்பிவிடுகிறார். காரில் பெல்ட் போனால் கியர்பாக்ஸையே மாற்றச் சொல்கிறார்கள். என் மைத்துனர் பழைய சிவிடி கார் ஒன்றுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். விசாரித்த ஒர்க்‌ஷாப்பில், "பெட்டி போச்சுன்னா ஒன்றரை லட்சம் ஆகும் சார், பிரிச்சு வேலை பார்க்கிறதில்ல" என்றார்கள். ஏன் பிரிப்பதில்லை என்ற கேள்வி என்னை விடவில்லை. பழைய மோட்டார் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டே போய் நெதர்லாந்தில் நின்றேன்.

ஐன்ட்ஹோவன் நகரத்து டாஃப் நிறுவனம் 1958இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் டாஃப் 600 என்ற சிறிய காரைக் காட்டியது. அதை உருவாக்கியவர் ஹுப் வான் டோர்னே. காரின் பின்பகுதியில், அடியில், இரண்டு ரப்பர் பெல்ட்டுகள் ஓடின. கூம்பு வடிவப் புல்லிகள் நெருங்கியும் விலகியும் பெல்ட்டை மேலும் கீழும் நகர்த்த, பல் சக்கரம் மாற்றாமலே கியர் விகிதம் மாறியது. நம் ஸ்கூட்டரில் இருப்பதும் இதே ஏற்பாடுதான். பெல்ட்டுகள் எண்ணெயில் மூழ்காமல் வெளியே ஓடியதால், தேய்ந்தால் கழற்றி மாற்றினார்கள். ஆக, ரப்பர் பெல்ட் காலத்தில் சிவிடி எளிதில் பழுது பார்க்கக்கூடியதாகவே இருந்தது.

மாறியது பெல்ட். பெரிய எஞ்சினின் இழுவையை ரப்பர் தாங்காது. அதனால் வான் டோர்னே எஃகுக்குப் போனார். அவர் வடிவமைத்த பெல்ட்டில் சின்னச் சின்ன எஃகுத் தகடுகள் நானூறு அளவில் வரிசையாக நிற்கின்றன. மெல்லிய எஃகு வளையங்கள் அவற்றைக் கோத்து வைத்திருக்கின்றன. ரப்பர் பெல்ட் இழுத்து வேலை செய்யும். இதில் ஒரு தகடு அடுத்த தகட்டைத் தள்ளுகிறது. 1980களில் இது கார்களுக்கு வந்தபோது பெல்ட்டும் புல்லியும் எண்ணெய் நிறைந்த பெட்டிக்குள் போய்விட்டன.

அங்கேதான் என் கேள்விக்குப் பதில் கிடைத்தது. தகட்டின் ஓரமும் புல்லியின் முகமும் எஃகோடு எஃகாக அழுந்துகின்றன. நடுவே இருப்பது எண்ணெயின் மெல்லிய படலம் மட்டும். எண்ணெய் பழசானாலோ, தவறான எண்ணெய் ஊற்றினாலோ பெல்ட் வழுக்கும். ஒருமுறை நன்றாக வழுக்கினாலே புல்லியில் கீறல் விழும். அந்தக் கீறல் தகடுகளை அரிக்கும், உதிரும் தூள் எண்ணெயோடு போய் வால்வுகளில் சிக்கும். கீறிய புல்லியில் புது பெல்ட் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும். புல்லியோ தண்டோடு ஒன்றாக வருவது. அதனால்தான் முழுப் பெட்டியாக மாற்றச் சொல்கிறார்கள்.

இது புரிந்த பிறகு மற்ற கியர்பாக்ஸ்களைப் பார்க்கவும் ஒரே கேள்வி போதுமாக இருந்தது: தேய்வது எது, அதை மட்டும் தனியே எடுக்க முடியுமா? மேனுவலில் தேய்வது கிளட்ச். பெட்டியை இறக்கினால் கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றி முடித்துவிடலாம். ஏஎம்டியிலும் அதே கிளட்ச்தான்; அதை இயக்கும் ஆக்சுவேட்டர் மட்டும் கூடுதல் செலவு. டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்கில் உராய்வுத் தட்டுகளும் சீல்களும் தேயும். வேலை தெரிந்தவர் கிடைத்தால் அதைப் பிரித்துக் கட்டலாம். டூயல் கிளட்ச்சில் கிளட்ச்சைத் தனியாக மாற்றலாம் என்றாலும் செலவு அதிகம். எண்ணெயில் நனையாத உலர் வகையாக இருந்தால், நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்தே சூடாகிச் சீக்கிரம் தேயும். அதன் கட்டுப்பாட்டு யூனிட் போனால் செலவு இன்னும் பெரியது. நகரத்துக்குள்ளேயே ஓட்டுகிறவருக்குப் பழைய உலர் டூயல் கிளட்ச்சை நான் சொல்லமாட்டேன்.

மைத்துனர் பார்த்த கார் 72,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. சர்வீஸ் புத்தகத்தில் எஞ்சின் ஆயில் மாற்றிய பதிவுகள் ஒழுங்காக இருந்தன. கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியதாக ஒரு வரிகூட இல்லை. வண்டி குளிர்ந்திருக்கும்போது எந்தக் குறையும் தெரியவில்லை. சிவிடியின் குறைகள் பெரும்பாலும் எண்ணெய் நன்றாகச் சூடான பிறகே வெளிவரும் என்பதால் முக்கால் மணி நேரம் ஓட்டினோம். பிறகு ஒரு மேம்பாலத்தில் மெதுவாக ஏறும்போது வண்டி லேசாக அதிர்ந்தது. இன்னொரு முறை ஆக்சிலரேட்டரை மிதித்ததும் டாக்கோமீட்டர் முள் துள்ளியது, வேகம் அதற்கேற்ப ஏறவில்லை.

வண்டிக்காரர் சம்மதித்ததால் மெக்கானிக் ஆயில் பேனை இறக்கினார். அடியில் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் குழைவான படிவு இருந்தால் அது வழக்கமான தேய்மானம். இதில் விரலில் தடவினால் நெருடும் மினுங்கல் துகள்கள் ஒட்டியிருந்தன. புது ஆயில் ஊற்றினால் சரியாகிவிடும் என்று வண்டிக்காரர் சொன்னார். புல்லியில் விழுந்த கீறலை எந்த ஆயிலும் ஆற்றாது. மைத்துனர் அந்தக் காரை வாங்கவில்லை.