'விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்'னு முடிக்காதீங்க: முதல் ரிப்போர்ட் எழுதுற தம்பி, தங்கச்சிகளுக்கு

1/ புதுசா வேலைக்குச் சேர்ந்த சுகாதார ஆய்வாளர்களும் ஜூனியர் டாக்டர்களும் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. "சார், ஊருக்குப் போனேன், எல்லாம் பாத்தேன். ரிப்போர்ட் கேக்குறாங்க. எப்படி எழுதணும்?"
ஒரே ஒரு உதாரணத்தை வச்சுச் சொல்றேன். வேற அலுவலகத்துல வேலை பார்க்கிறவங்களும் படிக்கலாம்.

2/ மேலூர் பக்கம் ஒரு கிராமம்னு கற்பனை பண்ணிக்கோங்க. ஐப்பசி மழை. நாலு நாள்ல 27 பேருக்கு வயிற்றுப்போக்கு. ஒரே மேல்நிலைத் தொட்டி, அதுல இருந்து கிழக்குத் தெருவுக்கு ஒரு லைன், மேற்குத் தெருவுக்கு ஒரு லைன்.
நீங்க எழுதுற ரிப்போர்ட்டைப் படிச்சிட்டுத்தான் ஒரு அதிகாரி வால்வை மூடணுமா வேண்டாமான்னு முடிவெடுப்பார். அவர் அந்தத் தெருவைப் பார்த்ததில்லை. கையில இருக்கிறது உங்க ரெண்டு பக்கம் மட்டும்தான்.

3/ தலைப்புகள் இந்த வரிசையில: பொருள், சுருக்கம், பின்னணி, விசாரித்த முறை, கண்டறிந்தவை, முடிவு, பரிந்துரைகள், இணைப்பு.
சுருக்கம் மேலே வரும், ஆனா கடைசியாத்தான் எழுதணும். என்ன நடந்தது, ஏன்னு நினைக்கிறோம், இன்னைக்கே என்ன செய்யணும். அஞ்சு வரி போதும்.

4/ 'விசாரித்த முறை'யில பலரும் விடுற ஒரு வரி: யாரை நோயாளின்னு கணக்குல எடுத்தீங்க?
"அக்டோபர் 14-க்குப் பிறகு, 24 மணி நேரத்தில் மூன்று அல்லது அதற்கு மேல் தண்ணீராக மலம் போன, இவ்வூரில் வசிப்பவர்." இப்படி ஒரு வரையறை வேணும். இல்லைன்னா ஒருத்தர் 27னு சொல்வார், இன்னொருத்தர் 40னு சொல்வார். எண்ணிக்கைச் சண்டையிலேயே ரெண்டு நாள் போயிடும்.

5/ இப்போ 'கண்டறிந்தவை'. இங்க நாலு வினைக்கு மட்டும்தான் இடம்: எண்ணினேன், அளந்தேன், பார்த்தேன், கேட்டேன். "நினைக்கிறேன்" என்பதோட இடம் 'முடிவு'.
எண்ணினது: கிழக்குத் தெருவுல 240 பேர்ல 24 பேருக்கு நோய். மேற்குத் தெருவுல 300 பேர்ல 3 பேருக்கு. வெறும் 24னு எழுதினா அது பெருசா சின்னதான்னு யாருக்கும் புரியாது. மொத்த ஆளையும் சேர்த்து எழுதினா, நூத்துக்கு 10, நூத்துக்கு 1. பத்து மடங்கு வித்தியாசம் தானா தெரியும்.

6/ அளந்தது: குளோரின். "குடிநீரில் குளோரின் இல்லை"ன்னு ஒரே வரியில எழுதினீங்கன்னா, டேங்க் ஆபரேட்டர் பிளீச்சிங் பவுடர் போட்ட பதிவேட்டைக் கொண்டு வந்து நீட்டுவார். அவர் சொல்றதும் உண்மைதான். உங்க ரிப்போர்ட் அங்கேயே படுத்துடும்.
எங்க, எப்போ அளந்தீங்கன்னு சேர்த்து எழுதுங்க. "காலை 7 மணி: தொட்டியில் 0.5 பிபிஎம். மேற்குத் தெரு கடைசிக் குழாயில் 0.3. கிழக்குத் தெரு கடைசிக் குழாயில் 0." குழாய்முனையில குறைஞ்சது 0.2 இருக்கணும். மூணு எண்ணும் சேர்ந்து என்ன சொல்லுது? தொட்டி சரி, கிழக்கு லைன்ல வழியில எங்கயோ கோளாறு. ஆபரேட்டர் பக்கம் தப்பில்லைன்னும் அதுவே சொல்லிடுது.

7/ பார்த்தது: "ஊராட்சியின் அலட்சியம்" என்பது கண்டறிந்ததில்லை, தீர்ப்பு. "கிழக்கு லைன் 6 மீட்டர் தூரம் சாக்கடைக்குள் போகிறது. ஒரு இணைப்பில் சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டப்பட்டுள்ளது. தண்ணீர் விடும்போது அங்கே கசிகிறது." இதை யாராலயும் மறுக்க முடியாது. போட்டோவை இணைப்புல வைங்க.
ஏன் இது முக்கியம்? தண்ணி விடும்போது அழுத்தத்துல வெளிய கசியுற ஓட்டை, தண்ணியை நிறுத்தினதும் வெளிய நிக்கிற சாக்கடையை உள்ள இழுக்கும்.

8/ கேட்டது: மேற்குத் தெருவுல நோய் வந்த அந்த மூணு பேர். இவங்களை "மற்றவை"ன்னு தள்ளிடாதீங்க. போய்க் கேளுங்க. ரெண்டு குழந்தைங்க கிழக்குத் தெரு அங்கன்வாடிக்குப் போறவங்க, ஒருத்தர் அங்க டீக்கடையில வேலை பார்க்கிறவர்னு தெரிஞ்சா, உங்க வாதத்தை உடைக்கும்னு பயந்த மூணு பேரே அதுக்குத் தூணாயிடுவாங்க.

9/ இது 1854லயே ஒருத்தர் செஞ்ச வேலை. லண்டன், பிராட் ஸ்ட்ரீட், காலரா. டாக்டர் ஜான் ஸ்னோ 83 மரணங்களோட பட்டியலை வாங்கி வீடு வீடாப் போனார். கிட்டத்தட்ட எல்லாமே அந்தத் தெரு அடிபம்புக்குப் பக்கத்துல. 10 பேர் வீடு மட்டும் வேற பம்புக்குப் பக்கத்துல இருந்துச்சு. அந்தப் பத்தையும் விசாரிச்சார். 5 குடும்பம் எப்பவும் பிராட் ஸ்ட்ரீட் தண்ணியைத்தான் எடுத்துட்டு வந்திருக்கு. 3 பேர் அந்தப் பம்புக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல படிச்ச பிள்ளைங்க.
பொறுப்புல இருந்தவங்ககிட்ட அவர் வச்ச கோரிக்கையும் சின்னது. செப்டம்பர் 8 அன்னைக்குப் பம்போட கைப்பிடியைக் கழட்டிட்டாங்க. அதுக்குள்ள நோய் குறைய ஆரம்பிச்சிடுச்சு என்பதையும் ஸ்னோ மறைக்காம எழுதினார்.

10/ அதே நேர்மை உங்க 'முடிவு'லயும் வேணும். "கிழக்கு லைனில் சாக்கடை கலந்ததே பெரும்பாலும் காரணம். மல மாதிரி, தண்ணீர் மாதிரி முடிவுகள் இன்னும் வரவில்லை. மல மாதிரி எடுத்த 5 பேரில் 3 பேர் ஏற்கனவே ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்கள். எனவே கிருமி வளராமல் போகலாம்."
இந்தக் கடைசி வரியை எழுதாம விட்டா, நாளைக்கு லேப் ரிசல்ட் நெகட்டிவ்னு வந்ததும் "அப்போ தண்ணியில ஒண்ணும் இல்லையே"ன்னு வால்வைத் திறந்துடுவாங்க.

11/ பரிந்துரை. நான் படிக்கிற பாதி ரிப்போர்ட் இப்படித்தான் முடியுது: "சுத்தமான குடிநீர் வழங்கப்பட வேண்டும். பொதுமக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட வேண்டும்." யாரு? எப்போ? 'வேண்டும்'னு முடியுற வரிக்கு ஆள் இல்லைன்னா அந்த வேலைக்கும் ஆள் இல்லை.
இப்படி எழுதுங்க:
• இன்று: கிழக்கு லைன் வால்வை மூடி, லாரியில் குளோரின் கலந்த தண்ணீர் (ஊராட்சிச் செயலாளர்).
• 48 மணி நேரத்தில்: சாக்கடைக்குள் போகும் 6 மீட்டர் குழாயை மாற்றி, சாக்கடையை விட்டு விலக்கிப் போடுதல் (வட்டார வளர்ச்சி அலுவலர்).
• திறக்கும் முன்: லைனை அதிகக் குளோரின் விட்டுக் கழுவி, கடைசிக் குழாயில் 0.2 வருகிறதா என அளத்தல். பிறகு 10 நாள், தினமும் இருமுறை (சுகாதார ஆய்வாளர்).
மூணாவது வரியில உங்க பேரு இருக்கு, கவனிச்சீங்களா? அடுத்தவங்களுக்கு மட்டும் வேலை சொல்ற ரிப்போர்ட்டை யாரும் மதிக்க மாட்டாங்க.

12/ அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு பென்சில் எடுங்க. ஒவ்வொரு பரிந்துரையில இருந்தும் அதுக்கு ஆதாரமான கண்டுபிடிப்புக்கு ஒரு கோடு போடுங்க. கோடு போட முடியாத பரிந்துரையை அடிச்சிடுங்க. எந்தக் கோடும் வந்து சேராத கண்டுபிடிப்பு இருந்தா, ஒரு பரிந்துரையை மறந்திருக்கீங்க.
அந்த 10 நாள் முடிஞ்சதும் இன்னொரு பக்கம் எழுதி அதே ஃபைல்ல சேருங்க: புது நோயாளி எத்தனை, கடைசிக் குழாயில குளோரின் எவ்வளவு, குழாய் மாத்தியாச்சா இல்லையா. மாத்தலைன்னா அதையும் தேதி போட்டு எழுதுங்க. அடுத்த மழைக்கு அந்த ஃபைலைத் தேடி ஒருத்தர் வருவார்.