340 மெசேஜ் தாண்டி சுகர் குறைஞ்சிடுச்சு. சரி, இப்போ எத்தனை யூனிட் போடணும்?



வீட்டில் ஒருவருக்குச் சுகர் ஏறினால் குடும்ப வாட்ஸப் குழுவில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆளுக்கு ஒரு யோசனை. மீட்டர் போட்டோ. ஏழெட்டு வாய்ஸ் நோட். "டோஸைக் கூட்டுங்க", "இல்ல இல்ல, பழையபடியே போடுங்க". மூன்று வாரம் கழித்து ஒரு கும்பிடு எமோஜியோடு "சரியாயிடுச்சு".

எல்லோருக்கும் நிம்மதி.

ஆனால் எது சரியாக்கியது? இன்று இரவு அம்மாவுக்கு என்ன போட வேண்டும்? அந்த நீளமான சாட்டிலிருந்து இதைப் பிழையில்லாமல் எடுப்பது எப்படி என்று ஒரு உண்மையான கேஸை வைத்துப் பார்ப்போம். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா. பல வருடமாக இன்சுலின், காலை இரவு இரண்டு வேளை. வெறும் வயிற்றுச் சுகரைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இரவு டோஸ் என்பதால் அதை மட்டும் பின்தொடர்வோம். இரவு 20 யூனிட். சுகர் கட்டுக்குள் இருந்தது.

திடீரென்று ஒரு நாள் வெறும் வயிற்றில் 268.

குழுவில் மகன், மகள், பேத்தி, அவர்களின் குடும்ப மருத்துவர். சாட் போன வழி இது:

1ஆம் நாள்: 268. "நேத்து கல்யாண வீட்டுச் சாப்பாடு, அதான்."

3ஆம் நாள்: 274. மீட்டர் மேல் சந்தேகம். ஸ்ட்ரிப் டப்பா மாற்றினார்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்தச் சொன்னார்கள். மாற்றமில்லை.

6ஆம் நாள்: இரவு டோஸ் 24 யூனிட்.

9ஆம் நாள்: 28 யூனிட். இன்சுலின் கெட்டிருக்குமோ என்று புது பாட்டில்.

11ஆம் நாள்: கிளிமிபிரைடு மாத்திரை ஒன்று கூடுதலாக.

14ஆம் நாள்: 32 யூனிட். அப்போதும் 231.

16ஆம் நாள்: நர்சிங் படிக்கும் பேத்தி, "பாட்டி, ஊசியை போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றாள்.

போட்டோவில் இருந்தது ஆரஞ்சு மூடி சிரிஞ்ச்.

இங்கேதான் மொத்த மர்மமும் உடைந்தது. கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

அந்த அம்மாவின் பாட்டில் 40 ஐயூ வகை. அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட். இதற்கு யூ-40 சிரிஞ்ச்தான் போட வேண்டும், அதன் மூடி சிவப்பு. ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் யூ-100. அது ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ள இன்சுலினுக்கானது.

வழக்கமான கடையில் ஊசி தீர்ந்துவிட்டது என்று வேறு கடையில் வாங்கியிருக்கிறார்கள். பாட்டில் பழைய வகை, சிரிஞ்ச் புது வகை.

ஆரஞ்சு சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் வருவது 0.2 மில்லி. 40 ஐயூ பாட்டிலில் 0.2 மில்லி என்றால் 8 யூனிட்தான். 20 போடுகிறோம் என்று நினைத்த அம்மா போட்டுக்கொண்டிருந்தது 8. டோஸை 32 வரை ஏற்றியபோதும் உண்மையில் உள்ளே போனது 12.8 யூனிட். பழைய டோஸைக் கூட எட்டவில்லை. பிறகு எப்படிச் சுகர் குறையும்?

டோஸைக் கூட்டிய மருத்துவரைக் குறை சொல்ல முடியாது. அவரிடம் வந்த தகவல் "20 யூனிட் போடுறோம், குறையல" என்பதுதான்.

அன்றே சிவப்பு மூடி சிரிஞ்ச் வாங்கினார்கள். மருத்துவர் ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினார்: "புது ஊசியில 16ல ஆரம்பிங்க. அந்த எக்ஸ்ட்ரா மாத்திரையை நிறுத்திடுங்க."

17ஆம் நாள்: மகன், "சிரிஞ்ச் மாத்தினதும் 142!!"

20ஆம் நாள்: மருத்துவர், "18 வைங்க."

21 முதல் 23 வரை: 126, 118, 121. கும்பிடு. சுபம்.

சுபமா?

அடுத்த வாரம் அந்த அம்மா வேறு ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறார். இனி ஊசி போடப் போவது மகள். பொறுப்பான பெண். சாட்டை உட்கார்ந்து படித்து, ஒரு தாளில் எழுதி, முதல் இரவு ஊசி போடும் முன் என்னிடம் கொண்டு வந்து காட்டினார். தாளில் இருந்தது:

சிவப்பு மூடி சிரிஞ்ச்.
இரவு 32 யூனிட்.
கிளிமிபிரைடு ஒன்று.

நன்றாகக் கவனியுங்கள். மூன்று வரியும் சாட்டில் இருக்கிறது. ஒரு வரிகூடப் பொய்யில்லை. ஆனால் இந்த மூன்றும் சேர்ந்து இருந்த நாள் என்று ஒன்று நடக்கவே இல்லை.

சிவப்பு சிரிஞ்சில் 32 என்றால் அது உண்மையான 32 யூனிட். அந்த அம்மாவுக்குத் தேவைப்பட்டது 18. கூடவே சுகரை இன்னும் இறக்கும் ஒரு மாத்திரை. அதுவும் இரவில். தூக்கத்திலேயே சுகர் தாழ்ந்து போனால் வியர்வையோ நடுக்கமோ வந்தாலும் எழுந்து சொல்ல ஆள் விழித்திருக்க வேண்டுமே!

எப்படி வந்தது இந்த 32?

மகள் சாட்டில் "யூனிட்" என்று தேடியிருக்கிறார். கடைசியாகக் கிடைத்தது "32 யூனிட்". 16 என்பது வாய்ஸ் நோட்டில் இருந்தது, வாய்ஸ் நோட் தேடலில் வராது. "18 வைங்க" என்ற மெசேஜில் யூனிட் என்ற வார்த்தையே இல்லை. மாத்திரையை நிறுத்தச் சொன்னதும் அதே வாய்ஸ் நோட்டில்தான்.

ஆரம்பிக்கச் சொன்னது எழுத்தில் இருக்கிறது. நிறுத்தச் சொன்னது குரலில் இருக்கிறது. பல சாட்களில் இதுதான் கதை. ஒரு மருந்தைச் சேர்க்கும்போது பெயர், அளவு எல்லாம் எழுதுவோம். நிறுத்தும்போது "அது வேணாம்" என்று இரண்டு வார்த்தை, அல்லது ஒரு போன் கால்.

சரி, எப்படி எடுப்பது? மகளும் நானும் சேர்ந்து செய்ததை அப்படியே சொல்கிறேன்.

முதலில் நாங்கள் தேடியது டோஸை அல்ல, நல்ல ரிசல்ட்டை. "சரியாயிடுச்சு" என்ற வார்த்தை ரிசல்ட் ஆகாது. 17ஆம் நாள் 142 என்பதும் ஒரே ஒரு ரீடிங்தான். தொடர்ந்து மூன்று நாள், தேதியோடு, மீட்டர் போட்டோவோடு நல்ல எண் இருந்தது 21 முதல் 23 வரை. அந்த மூன்று நாள்தான் நமக்கு நங்கூரம்.

அடுத்து, அந்த மூன்று நாளில் அம்மாவின் உடம்புக்குள் என்னவெல்லாம் போனது என்று மட்டும் எழுதினோம். எந்த பாட்டில்? எந்த சிரிஞ்ச்? எந்தக் கோடு வரை? எந்தெந்த மாத்திரை? சாட்டில் கடைசியாக என்ன சொன்னார்கள் என்பது கேள்வியே இல்லை. அந்த நாட்களில் உண்மையில் என்ன போட்டார்கள் என்பதுதான் கேள்வி. இதற்குப் பதில் தெரிந்தவர் அந்த அம்மா. "பாட்டிலையும் ஊசியையும் எடுத்துக் காட்டுங்கம்மா, எந்தக் கோடு வரைக்கும் இழுத்தீங்க?" என்று கேட்டோம். 18ஆம் கோட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

மூன்றாவதாக, நடுவில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் எடுத்து, இது எந்தக் காரணத்துக்காகச் செய்தது, அந்தக் காரணம் இப்போது உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தோம்.

டோஸ் ஏற்றியது, ஊசி தப்பாக இருந்ததை அறியாமல் செய்தது. காரணம் போய்விட்டது, ஆகவே அந்த 24, 28, 32 மூன்றும் அடிபட்டுப் போகும். மாத்திரையும் அப்படியே. புது பாட்டில், புது ஸ்ட்ரிப்: பிரச்சினைக்குச் சம்பந்தமில்லை, ஆனால் கெடுதலும் இல்லை, இருக்கட்டும். கை கழுவிவிட்டுக் குத்துவது: பழம் சாப்பிட்ட கையில் குத்தினால் சுகர் ஏற்றிக் காட்டும், எனவே அது என்றைக்கும் நல்ல பழக்கம்.

பழைய 20க்கே ஏன் திரும்பவில்லை என்று கேட்பீர்கள். அந்த மூன்று வாரத்தில் பயத்தில் அம்மா முறுக்கையும் இனிப்பையும் நிறுத்தியிருந்தார். சாப்பாடு மாறினால் தேவையும் மாறும். அதனால்தான் அந்த மருத்துவர் பழைய எண்ணுக்குப் போகாமல் 16ல் ஆரம்பித்து 18க்கு வந்தார். ஆகவே 18 என்பதும் இப்போதைய சாப்பாட்டுக்கான எண்தான். மகள் வீட்டில் சாப்பாடு வேறாக இருந்தால் மறுபடி பார்க்க வேண்டும்.

கடைசியாக, அந்த மருத்துவருக்கே போன் போட்டு எழுதியதைப் படித்துக் காட்டினோம். "ஆமா, 18. மாத்திரை வேண்டாம்" என்றார்.

மகளின் புதுத் தாள் இப்படி ஆனது:

பாட்டில்: 40 ஐயூ. சிரிஞ்ச்: சிவப்பு மூடி, யூ-40 மட்டும்.
இரவு: 18ஆம் கோடு வரை.
கிளிமிபிரைடு: நிறுத்தியாச்சு.
ஆதாரம்: 21, 22, 23ஆம் நாள் வெறும் வயிற்றுச் சுகர் 126, 118, 121.
சாட்டில் வரும் 24, 28, 32 எல்லாம் தப்பான ஊசியில் போட்டது. போடக்கூடாது.

கடைசி வரியைப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த வரி அது. செல்லாத எண்ணையும் ஏன் செல்லாது என்பதையும் எழுதி வைக்காவிட்டால், ஆறு மாதம் கழித்து யாராவது சாட்டைத் தேடி அதே 32ஐ மறுபடி கண்டுபிடிப்பார்கள். இந்தத் தாளைக் குழுவின் விவரப் பகுதியிலும் போடச் சொன்னேன். பின் செய்து வைத்தால் அதிகபட்சம் 30 நாளில் போய்விடும்.

இன்சுலின் போடுபவர்கள் இருக்கும் வீட்டில் இன்றே ஒரு வேலை செய்யுங்கள். பாட்டிலில் 40 என்று இருக்கிறதா, 100 என்று இருக்கிறதா பாருங்கள். சிரிஞ்சிலும் அதே எண் இருக்க வேண்டும். வேறாக இருந்தால் நீங்களாகக் கணக்குப் போட்டுச் சரிசெய்யாதீர்கள். உங்கள் மருத்துவரைக் கூப்பிட்டு, இதுவரை எந்த ஊசியில் எந்தக் கோடு வரை போட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள். சரியான ஊசிக்கு மாறும் நாளில் எந்த அளவில் ஆரம்பிப்பது என்பது அவர் முடிவு.

மாறிய முதல் சில நாள் வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, குழப்பமான பேச்சு வந்தால் உடனே சுகர் பாருங்கள். 70க்குக் கீழே என்றால், விழுங்கும் நிலையில் இருப்பவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108க்கு அழையுங்கள்.

அந்த அம்மா இப்போது மகள் வீட்டில்தான் இருக்கிறார். பத்து நாள் ரீடிங் வந்தது, எல்லாம் 110க்கும் 135க்கும் இடையில். 18 அப்படியே தொடர்கிறது.