யார் தூங்கும்போது விற்பது?

அக்கா காரைக்குடியில் வீட்டிலிருந்தே கண்டாங்கிச் சேலை விற்கிறாள். வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சேலைதான் வரும். ஒரே பாவில் நாலைந்து ஓடினாலும் ஊடை நிறத்தை மாற்றி நெய்யச் சொல்லிவிடுவாள். அதனால் ஒவ்வொன்றும் ஒற்றைச் சேலை. படம் எடுத்து இன்ஸ்டாகிராம் ஸ்டோரியிலும் வாட்ஸாப் குழுவிலும் போடுவாள். யார் முதலில் ‘புக்’ என்று எழுதுகிறார்களோ அவர்களுக்குச் சேலை. சட்டம் அவ்வளவுதான்.

அவள் போடும் நேரம் இரவு எட்டரை. சமையல் முடிந்து, பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்த பிறகு கிடைக்கும் நேரம் அது. இருபது நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். போன ஜனவரியில் சிட்னியிலிருந்து ஒரு வாடிக்கையாளர் குரல்பதிவு அனுப்பினார். “அக்கா, நீங்க போடுறப்ப இங்க நடுராத்திரி ரெண்டு மணி. காலைல எந்திரிச்சுப் பாத்தா எல்லாத்துலயும் ‘சோல்டு’னு எழுதியிருக்கு. நான் எப்பத்தான்க்கா வாங்குறது?” அக்கா அதை எனக்குத் தள்ளிவிட்டாள். “நீதான கம்ப்யூட்டர்ல வேல பாக்குற தம்பி, ஒரு நேரம் பாத்துச் சொல்லு.”

இந்த மாதிரிக் கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில், ‘உங்களைப் பின்தொடர்பவர்கள் எப்போது விழித்திருக்கிறார்கள் என்று இன்சைட்ஸில் பாருங்கள்’ என்பது. பார்த்தோம். இரவு ஒன்பது மணிக்கு மேடு கட்டியிருந்தது. பின்தொடர்பவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டில் இருப்பவர்கள், ஆகவே அது தமிழ்நாட்டின் ஒன்பது மணி. அவர்கள் இதயம் போடுகிறார்கள், விலை கேட்கிறார்கள், சிலர் வாங்கவும் செய்கிறார்கள். ஆனால் அக்காவின் பார்சல் ரசீதுகளை எடுத்து அடுக்கியபோது வேறு ஊர்கள் வந்தன. பாதிக்கு மேல் வெளிநாடு. அதிலும் டொரான்டோ முதலில், பிறகு சிங்கப்பூர், லண்டன், சிட்னி. பார்க்கிறவர்களின் வரைபடமும் வாங்குகிறவர்களின் வரைபடமும் ஒன்றல்ல. நேரம் குறிக்க வேண்டியது ரசீதுக் கட்டை வைத்து.

நாலு ஊரையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு ஊரிலும் ஒரு மனுஷி நிதானமாகப் போனைப் பார்க்கக்கூடிய நேரம் எது என்று குறித்தோம். காலை ஏழிலிருந்து இரவு பதினொன்று வரை என்று தாராளமாகவே வைத்துக்கொண்டோம். எட்டரைக்குப் பதிலாக இந்திய நேரம் மாலை ஆறரைக்குப் போட்டால், ஜனவரியில் டொரான்டோவில் காலை எட்டு. லண்டனில் பிற்பகல் ஒன்று. சிங்கப்பூரில் இரவு ஒன்பது. சிட்னியில் சரியாக நள்ளிரவு. மூன்று ஊருக்குச் சரி, நாலாவது கொஞ்சம் கண்விழிக்க வேண்டும். இன்னும் ஒரு மணி நேரம் முன்னே இழுத்து ஐந்தரை என்றால் சிட்னிக்குப் பதினொன்று, டொரான்டோவுக்கு ஏழு. இரண்டு ஓரமும் விளிம்பில் நிற்கும். அதற்கும் முன்னே போனால் டொரான்டோ படுக்கையில் இருக்கும். கலிஃபோர்னியாவில் நாலு பேர் சேர்ந்தால் இந்தக் கணக்கு அப்படியே உடையும். இந்திய ஐந்தரை அங்கே அதிகாலை நாலு மணி.

ஐந்தரை என்று முடிவானதும் அக்கா அதைப் பிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டினாள். ஒட்டிய தாள் மார்ச் வரைக்கும்தான் உண்மை பேசும் என்று சொன்னேன். இந்தியாவும் சிங்கப்பூரும் கடிகாரத்தைத் தொடுவதில்லை. மற்ற மூன்று ஊரும் வருஷத்துக்கு இரண்டு முறை மாற்றும், அதையும் ஒரே நாளில் மாற்றாது. 2026-இல் டொரான்டோ மார்ச் 8-ஆம் தேதி ஒரு மணி நேரம் முன்னே போகிறது. லண்டன் மார்ச் 29 வரை காத்திருக்கிறது. சிட்னியில் அப்போது கோடை முடிவதால் ஏப்ரல் 5-ஆம் தேதி ஒரு மணி நேரம் பின்னே வருகிறது. இந்த நான்கு வாரத்தில் அக்காவின் ஐந்தரை அசையாமல் நிற்க, டொரான்டோவில் அது ஏழிலிருந்து எட்டாகும். லண்டனில் நண்பகலிலிருந்து ஒன்றாகும். சிட்னியில் பதினொன்றிலிருந்து பத்தாகும். நல்லவேளையாக எல்லாமே நல்ல பக்கம் நகர்கின்றன. அக்டோபர், நவம்பரில் இதே நகர்வு தலைகீழாக நடந்து, விளிம்பு மறுபடி இறுகும்.

யாரும் எதையும் மாற்றாமலே விற்பனை திடீரென மந்தமானால் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் தேதிகளைத்தான். வாங்குகிறவர் அலுவலகத்துக்குக் கிளம்பும் முன் பார்த்துக்கொண்டிருந்த பதிவு, இப்போது அவர் மீட்டிங்கில் இருக்கும்போது வருகிறது. அவருக்கு ஆர்வம் குறைந்ததாகத் தோன்றும். குறைந்தது ஒரு மணி நேரம்தான்.

ஆகவே தாளில் ‘டொரான்டோ, இந்தியாவைவிடப் பத்தரை மணி நேரம் பின்னே’ என்று எழுதக் கூடாது. அந்த எண் வருஷத்தில் நாலு மாதம்தான் சரி, மீதி எட்டு மாதம் ஒன்பதரை. ஊர்ப் பெயரை எழுத வேண்டும். புரோகிராம் எழுதுகிறவர்கள் America/Toronto, Asia/Kolkata என்று மண்டலத்தின் பெயரைச் சேமிப்பதும் இதற்காகத்தான். பெயருக்குப் பின்னால் தேதிவாரியான விதிகள் இருக்கின்றன, எண்ணுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. அக்காவின் போனில் உலகக் கடிகாரத்தில் நாலு ஊரையும் சேர்த்துக் கொடுத்தேன். அறிவிப்பிலும் ‘ஐ.எஸ்.டி.’ என்று போடாமல் ‘காரைக்குடி 5.30, சிங்கப்பூர் 8.00’ என்று ஊர் ஊராகப் போடச் சொன்னேன். அயர்லாந்திலும் இஸ்ரேலிலும் அதே மூன்றெழுத்துக்கு வேறு நேரம்.

இவ்வளவும் செய்த பிறகும் எனக்கு ஒன்று உறுத்தியது. ஐந்தரை என்பது நாலு ஊருக்கும் பொதுவான நேரம் அல்ல, நாலு ஊரும் பொறுத்துக்கொள்ளும் நேரம். குளிர்கால டொரான்டோவில் காலை ஏழு மணிக்குப் பிள்ளைக்கு டிபன் கட்டுகிறவளும், சிங்கப்பூரில் சாப்பிட்டுவிட்டுச் சோபாவில் சாய்ந்திருப்பவளும் ஒரே வேகத்தில் ‘புக்’ என்று தட்ட முடியாது. சேலை ஒன்றே ஒன்று, முதலில் வந்தவருக்கு என்னும்போது, நேரம் குறிப்பவர்தான் யாருக்குக் கிடைக்கும் என்பதையும் குறிக்கிறார். சிட்னிக்காரர் கேட்டது உண்மையில் நேரத்தைப் பற்றிய கேள்வி இல்லை.

அதனால் படம் போடும் நேரத்தையும் விற்கும் நேரத்தையும் பிரிக்கச் சொன்னேன். வெள்ளி மாலை படம் வரும். ஸ்டோரி 24 மணி நேரம் நிற்கும், அதற்குள் பூமி முழுச்சுற்று சுற்றிவிடும், எல்லா ஊரிலும் ஒரு காலையும் ஒரு இரவும் வந்து போயிருக்கும். வேண்டியவர்கள் பெயர் தருவார்கள். சனி மாலை ஒரு சேலைக்கு ஒரு பெயர் வந்திருந்தால் அவருக்கு, பல பெயர் என்றால் சீட்டு எழுதிக் குலுக்கல். அக்கா மகள்தான் எடுப்பாள், அதை வீடியோவாகக் குழுவில் போடுவார்கள்.

அக்கா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. “அந்த இருவது நிமிஷப் பரபரப்புலதான்டா விக்குது. ஒரு நாள் யோசிக்க விட்டா பாதிப் பேரு வேணாம்பாக.” அவள் சொன்னதில் உண்மை உண்டு. பெயர் தந்துவிட்டுப் பணம் அனுப்பாதவர்கள் வரத் தொடங்கினார்கள். அவர்களுக்காக இரண்டாவது சீட்டு ஒன்றை எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. முன்பு இருபது நிமிடத்தில் முடிந்த வேலை இப்போது ஒன்றரை நாள் இழுக்கிறது. உள்ளூர் வாடிக்கையாளர் ஒருவர், “கையில காசோட நிக்கிறவளுக்குச் சீட்டு எதுக்கு?” என்று கோபித்துக்கொண்டார்.

இப்போதைக்கு ஒரு சமாதானம். அதிகம் பேர் கேட்கும் பழைய கட்டச் சேலைகள் குலுக்கலில் போகின்றன. மற்றவை ஐந்தரை மணிக்கு, முதலில் வந்தவருக்கு. சிட்னிக்காரருக்கு மூன்றாவது குலுக்கலில் அரக்குச் சிவப்பு கிடைத்தது. ரசீதுக் கட்டில் ஊர்கள் மாறுகின்றனவா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். துபாயிலிருந்து இரண்டு புது முகவரி வந்திருக்கிறதாம். அவர்களுக்கு ஐந்தரை என்பது மாலை நாலு மணி, வெயிலோ குளிரோ வருஷம் முழுக்க நாலு மணிதான்.