பரணில் இருந்ததும் இல்லாமல் போனதும்

பழைய காலத்துப் படம் எடுக்கக் கையில் காசில்லாதவர்கள் முதலில் செய்வது, தெரிந்த வீடுகளில் பழைய பொருள் இருக்கிறதா என்று கேட்பது. நாங்களும் அதைத்தான் செய்தோம். எங்கள் குறும்படம் அரை மணி நேரம் ஓடுவது. கதை 1957இல், மதுரைக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் நடக்கிறது. நடவு வேலைக்குப் போகும் ஒரு தாய், அவளுடைய மகள், பண்ணை வீட்டில் இளம் வயதிலேயே கணவனை இழந்த ஒரு பெண் ஆகிய மூவரைச் சுற்றிய கதை. உடை, ஒப்பனை, அரங்கப் பொருள் மூன்றும் என் பொறுப்பு. எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து இருபதாயிரம் ரூபாய்.

இரண்டு வாரத்தில் முப்பதுக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் போனேன். கிடைத்த சேலைகள் அத்தனையும் கூறைப்பட்டு. வெள்ளைத் துணியில் சுற்றி, நாப்தலின் உருண்டை போட்டு, பெட்டிக்கு அடியில் வைத்திருந்தார்கள். நடவுக்குப் போகிறவள் கட்டிய நூல் சேலை ஒன்றுகூட இல்லை. எங்கே போயிற்று என்று கேட்டபோது ஒரு பெரியம்மா சிரித்தார். "அது எப்புடித்தா இருக்கும்? கட்டுறவரைக்கும் கட்டுவோம். கிழிஞ்சா பிள்ளைக்குத் தொட்டி கட்டுவோம். அப்புறம் தீட்டுத் துணி. கடைசில கரித்துணி. மிஞ்சுறதுக்கு என்ன இருக்கு?"

உழைக்கிற பெண்ணின் துணி அவள் உடம்போடும் வீட்டு வேலையோடும் தேய்ந்து தீர்ந்துபோகிறது. மிச்சமிருப்பது அவள் ஒரே ஒரு நாள் கட்டிய சேலை. பட்டிலும் பாதி மிஞ்சவில்லை. பழைய பட்டுச் சேலை வாங்க வருகிறவர்களிடம் சரிகைக்காகப் போய்விட்டது. இரவல் பொருளை மட்டும் நம்பிப் படம் எடுத்தால் அந்தக் காலத்துப் பெண்கள் எல்லோரும் பட்டுடுத்தி உட்கார்ந்திருந்ததாகத்தான் திரையில் தெரியும். எதை இரவல் வாங்குவது, எதைக் காசு கொடுத்து வாங்குவது என்ற முடிவு இங்கிருந்துதான் பிறந்தது. மிஞ்சியிருப்பதை இரவல் வாங்குவோம், மிஞ்சாததைச் செய்துகொள்வோம் என்று வைத்துக்கொண்டேன்.

அதற்கு முன்னால் திரைக்கதையை உடைக்கு ஏற்றபடி பிரித்து எழுத வேண்டும். படப்பிடிப்பு எத்தனை நாள் என்பது இங்கே கணக்கில்லை. கதைக்குள் எத்தனை நாள் நகர்கிறது என்பதுதான் கணக்கு. எங்கள் கதையில் நான்கு நாட்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொருத்தியும் என்ன கட்டுகிறாள், அது நனைகிறதா, சேறு படுகிறதா, கிழிகிறதா என்று கட்டம் போட்டு எழுதினேன். கூலிக்காரத் தாய்க்கு நான்கு நாளும் இரண்டே சேலை போதும். அவளிடம் இருந்திருக்கக்கூடியதும் அவ்வளவுதான். மகள் நடவுக் காட்சியில் சேற்றில் விழுகிறாள். அந்தக் காட்சியைத் திரும்ப எடுக்க வேண்டுமானால் அதே சேலை காய்ந்த நிலையில் இன்னொன்று வேண்டும். ஆகவே அவளுக்கு மூன்று. பண்ணை வீட்டுப் பெண்ணுக்கு வெள்ளை இரண்டு. ஆக ஏழு சேலை. நனைகிற, புரள்கிற எந்தக் காட்சிக்கும் இரவல் துணி இல்லை என்பதை அந்தக் கட்டத்தின் தலையிலேயே எழுதிவைத்தேன்.

பணத்தைப் பிரித்தது இப்படி: துணிக்கு 7,200, தையலுக்கு 1,500, ஒப்பனைக்கு 2,000, பாத்திரம் பண்டம் ஏற்றி இறக்க 3,500, இரவல் துணியை வெளுத்துப் பழுது பார்த்துத் திருப்பிக் கொடுக்க 3,000, கைக்காவலாக 2,800. இரவல் என்றால் இலவசம் என்று தயாரிப்பில் இருந்தவர்கள் நினைத்திருந்தார்கள். வண்டிக்கும் வெளுப்புக்கும் மட்டும் 6,500 போகிறது என்று எழுதிக் காட்டிய பிறகுதான் அந்தப் பேச்சு நின்றது.

இனி சேலைக்கு வருகிறேன். இன்று கடையில் கிடைக்கும் சேலை ஐந்தரை மீட்டர். அன்று வயலுக்குப் போனவர்கள் பின்கொசுவம் வைத்துக் கட்டினார்கள். உள்பாவாடை இல்லாமல், குனிந்து நிமிர வசதியாக, கொசுவம் முதுகுப் பக்கம் விசிறிபோல் விரிந்திருக்கும். அதற்கு எட்டு கஜம், அதாவது சுமார் 7.3 மீட்டர் வேண்டும். எட்டு கஜச் சேலை வாங்க எங்களிடம் பணம் இல்லை. சாதாரண நூல் சேலையோடு அதே நிறத்தில் 1.8 மீட்டர் துணியை ஒட்டுத் தைத்தோம். கொசுவம் உள்முனையில்தான் தொடங்குகிறது. ஆகவே ஒட்டை அந்தப் பக்கம் வைத்தால் தையல் மடிப்புக்குள் மறைந்துவிடும். கரை பொருந்த வேண்டியதில்லை, நிறம் பொருந்தினால் போதும். கட்டிக் காட்டியவர் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. நடிகைகள் இருவரும் அவரிடம் மூன்று நாள் கட்டிப் பழகினார்கள். அதற்குப் பிறகு அவர்கள் நடையே மாறிவிட்டது. முன்னால் தடுக்கும் மடிப்பு இல்லாததால் கால் அகலமாக விழுந்தது. உடை என்பது கண்ணுக்கு மட்டுமல்ல என்று அப்போது எல்லோருக்கும் புரிந்தது.

புதுச் சேலையைப் பழசாக்க ஒரு வாரம் பிடித்தது. முதலில் ஓர் இரவு ஊறவைத்துக் கஞ்சியைப் போக்க வேண்டும். பிறகு சலவைச் சோடா போட்டு நான்கைந்து தடவை துவைத்து, உச்சி வெயிலில் காயவைக்க வேண்டும். கடைசியில் உப்புத்தாள். இதை எல்லா இடத்திலும் தேய்த்தால் பொய்யாகத் தெரியும். சேலை எங்கே தேயும் என்று யோசிக்க வேண்டும். குடம் உட்காரும் இடுப்பு, சும்மாடு சுருட்டும் முந்தி, குந்தும்போது தரையில் உரசும் பின்பக்கம், கணுக்கால் கரை. அந்த இடங்களில் மட்டும் தேய்த்தோம். வெள்ளைச் சேலைக்கு வேறு பிரச்சினை. பளீர் வெள்ளை கேமராவில் ஒளிர்ந்து, அதைக் கட்டியிருப்பவரின் முகத்தை இருட்டாக்கிவிடும். பத்து லிட்டர் நீரில் நூறு கிராம் தேயிலைத் தூளைக் கொதிக்கவைத்து வடிகட்டி, ஒரு கைப்பிடி உப்புப் போட்டு, முதலில் துண்டுத் துணியை நனைத்துக் காயவைத்து, கேமராவில் பார்த்த பிறகே சேலையை முக்கினோம். ஈரத்தில் தெரியும் நிறத்தை நம்பக் கூடாது, காய்ந்தால் வெளுக்கும்.

ரவிக்கைதான் பெரிய விவாதமானது. இன்றைய ரவிக்கையில் இருக்கிற கப், பின்கழுத்து இறக்கம், கயிறு எதுவும் அன்றைக்கு இல்லை. மகளுக்கு முன்பக்கம் முடிச்சுப் போடும் ரவிக்கை தைத்தோம். டாட் பிடிக்காமல், முழங்கைக்குச் சற்று மேல் வரை கையோடு, தளர்வாக இருக்கும். தைத்துக் கொடுத்த அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. "ஷேப்பே இல்லையேம்மா, என் பேரு கெட்டுப்போகும்" என்றார். தாயும் பண்ணை வீட்டுப் பெண்ணும் ரவிக்கை போட்டிருக்க மாட்டார்கள். அந்த ஊரில் அந்தத் தலைமுறைப் பெண்களின் புகைப்படங்களும் அதைத்தான் சொன்னன. படக்குழுவில் ஒருவர், "பார்க்கிறவங்க வேற மாதிரி பார்ப்பாங்க, ஆளுக்கொண்ணு போட்டுவிடுங்க" என்றார். இன்னொருவருக்கு அது 'அழகாக' வரும் என்று ஒரே உற்சாகம். இரண்டு பேச்சிலும் நடிக்கப் போகிறவர்கள் இல்லை. நான் அவர்கள் இருவரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து பேசினேன். தோள் தெரியலாம், அதற்குக் கீழே ஒன்றும் நழுவக் கூடாது என்றார்கள். அவரவர் தோல் நிறத்திலேயே தோள்பட்டை இல்லாத உள்சட்டை தைத்து, மாராப்பை அதோடு உள்பக்கம் நான்கு இடத்தில் நூலால் பிடித்தோம். அந்தக் காட்சிகளுக்குக் களத்தில் யார் இருக்கலாம் என்ற பட்டியலையும் அவர்களே எழுதினார்கள். ரவிக்கை இல்லாதது படத்தில் ஒரு செய்தியாக நிற்கவில்லை. வேலை செய்யும் இரண்டு உடம்புகளாகவே தெரிந்தன.

ஒப்பனையில் பெரும்பாலும் செய்யாமல் விடுவதுதான் வேலை. புருவம் திருத்த வேண்டாம் என்று ஆறு வாரம் முன்பே சொல்லிவிட்டோம். திருத்திய புருவம் எந்தச் சேலையையும் இன்றைய சேலை ஆக்கிவிடும். நகப்பூச்சு, முடிச் சாயம் கூடாது. ஸ்டிக்கர் பொட்டும் வேண்டாம். நாளும் ஒட்டுகிறவர்களின் நெற்றியில் வட்டமாக ஒரு தடம் விழுந்திருக்கும். ஜவ்வரிசியைக் கருக வறுத்து, நீர் விட்டுக் காய்ச்சி இறுக்கிய சாந்தைப் பொட்டுக்கு வைத்தோம். வெளுத்த பெண்ணைத் தேர்ந்தெடுத்துக் கறுப்புப் பூசுகிற வழக்கத்துக்கு நாங்கள் போகவில்லை. வயலுக்குப் போகிற பெண்களின் நிறத்தில் நடிக்கத் தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள், தேடினால் கிடைக்கிறார்கள். தாயாக நடித்தவர் அந்தப் பக்கத்து ஊர்க்காரர். காது வளர்த்தவர், பாம்படத்தை எப்போதோ விற்றுவிட்டார். நகையை இரவல் கேட்க வேண்டாம் என்றேன். தொங்கும் வெறும் காது, மகளின் கல்யாணத்துக்காக வாங்கிய கடனை வசனம் இல்லாமலே சொல்லிவிட்டது.

பாத்திரங்களில் எவர்சில்வரைத் தவிர்ப்பது எளிதாக இல்லை. பித்தளையைப் போட்டு எவர்சில்வர் வாங்காத வீடே இல்லை. கிடைத்த பித்தளைக் குடங்களையும் அண்டாவையும் கவிழ்த்தும் திருப்பியும் பார்க்க வேண்டும். நம் பாத்திரங்களில் பேர் வெட்டியிருக்கும், பல நேரம் தேதியோடு. ஒரு குடத்தின் கழுத்தில் 1974 என்று இருந்தது. அருகில் வைத்து எடுத்தால் வாசித்துவிடலாம். அந்தப் பக்கத்தைச் சுவரோரம் திருப்பி வைத்தோம். திருப்ப முடியாததில் ஈர விபூதியைத் தேய்த்துக் காயவைத்து எழுத்தை மங்கலாக்கினோம், கழுவினால் போய்விடும். அப்படித் திருப்பிப் பார்த்த பாத்திரங்களில் பெரும்பாலும் வெட்டியிருந்தது கணவன் பெயர் அல்லது சீர் கொடுத்த தாய்மாமன் பெயர். அதைத் தினமும் புளி போட்டுத் தேய்த்தவளின் பெயர் மூன்றே பாத்திரங்களில்தான் இருந்தது.

வாங்கிய ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பேடு வைத்தோம். கொடுத்தவர் பெயர், பொருளின் படம், ஏற்கெனவே இருந்த கறை, கீறல், திருப்பும் தேதி. துணியில் எண்ணை ஊக்கால் குத்தாமல், ஓரத்தில் நூலால் ஒரு சிறு துண்டு தைத்தோம்; ஊக்கு துருப்பிடித்தால் கறை போகாது. பட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, மடிப்பில் இழை விட்டிருந்தால் அங்கேயே நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அப்படிப்பட்ட சேலை ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தால் கீறிவிடும். ஃபால்ஸ் தைத்த சேலையில் அதைப் பிரிக்கக் கேட்கவில்லை. முழங்காலுக்கு மேலேயே எடுத்தோம்.

குறிப்பேட்டில் ஒரு கட்டம் நான் திட்டமிடாதது. பொருளைக் காட்டிய பெண்களில் பலர், "அவரக் கேட்டுச் சொல்றேன்", "மகன் வரட்டும்" என்றார்கள். அவர்கள் கட்டிய சேலை, அவர்கள் கொண்டுவந்த குடம். அனுமதி கொடுத்தவர் என்று இன்னொரு கட்டம் சேர்த்தேன். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எந்தக் கட்டத்தில் இருக்கும் பெயரைப் போடுவது என்று கேட்டார்கள். முதல் கட்டத்தில் இருப்பவர்களை, இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்றில்லாமல், அவரவர் பெயரில், அவரவர் பொருளோடு போட்டோம்: சேலை, குடம், உரல், அரிக்கேன் விளக்கு. இருபத்தியொரு பெயர். ஊரில் திரையிட்ட அன்று, பெயர்கள் முடியும் வரை யாரும் எழுந்திருக்கவில்லை.