முப்பதாம் நாள் - வியாழன், இரவு பத்தே முக்கால்

இன்றோடு முப்பது நாள் ஆகிறது. கடைசி சிகரெட் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, ஹாஸ்டல் மொட்டை மாடியில், தண்ணித் தொட்டிக்குப் பின்னால். மறுநாள் புதன்கிழமையில் இருந்து கணக்கு ஆரம்பம்.

ஒரு நாளைக்கு எட்டு பிடித்துக்கொண்டிருந்தேன். டிபனுக்குப் பிறகு ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. லேப் முடிந்து டீக்கடைச் சந்தில் ஐந்தரைக்கு இரண்டு. அப்புறம் ஏழு, ஒன்பது, பதினொன்று. இந்த எட்டில் ஆறை விட்டது பெரிய கஷ்டமாக இல்லை. அந்த ஐந்தரை மணி இரண்டுதான் முப்பது நாளாக என்னைப் படுத்துகிறது. அதனால் இன்றைய பக்கம் முழுக்க அதற்குத்தான்.

முதல் நாள் மெடிக்கல் ஷாப்பில் நிகோடின் கம் கேட்டேன். கடைக்காரர், "யாருக்கும்மா, அண்ணனுக்கா?" என்றார். "எனக்குத்தான் சார்." ஒரு நிமிஷம் மௌனம். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். குரலைத் தணித்து, "காலையில எழுந்து எவ்வளவு நேரத்துல முதல் சிகரெட்?" என்று மட்டும் கேட்டார். ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றேன். "அப்போ 2 மில்லிகிராம் போதும். எழுந்த அரை மணிக்குள்ள பிடிக்கிறவங்களுக்குத்தான் 4. அதுக்கு டாக்டர் சீட்டு வேணும்" என்று ஒரு அட்டையை எடுத்து வைத்தார். நான் சிகரெட் பிடிக்கிறவள் என்று தெரிந்தும் முகம் மாறாமல் பேசிய முதல் பெரியவர். அது முதல் வெற்றி.

கம்மை மெல்லுவதற்கு ஒரு முறை இருக்கிறது. மெதுவாக மென்றால் கொஞ்ச நேரத்தில் மிளகு மாதிரி ஒரு காரம் வரும். வந்ததும் மெல்லுவதை நிறுத்திவிட்டு, ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒதுக்கிவிட வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி ரெண்டு மெல்லு, இடம் மாற்றி ஒதுக்கு. இப்படி அரை மணி நேரம். நிகோடின் வாயின் உள்தோல் வழியாகத்தான் ரத்தத்துக்குப் போக வேண்டும். பபுள்கம் மாதிரி சவக் சவக் என்று மென்றால் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம்.

முதல் வாரம் முழுக்க ஒரு நோட்டில் எழுதினேன். எத்தனை மணிக்கு ஆசை வந்தது, எத்தனை நிமிஷம் இருந்தது, அப்போது எங்கே இருந்தேன். ஒரு நாளைக்குச் சராசரியாகப் பத்து தடவை வந்திருக்கிறது. ஒன்றுகூட பத்து நிமிஷத்தைத் தாண்டவில்லை, பெரும்பாலும் மூன்றிலிருந்து ஏழு. அந்த நிமிஷங்களில் இது விடியும் வரைக்கும் போகாது என்றுதான் தோன்றும். நோட்டைப் பிரித்து "நேற்று 6 நிமிஷம்" என்று படித்தால் கொஞ்சம் தைரியம் வரும்.

நான்காம் நாள், சனிக்கிழமை. முதல் கெட்ட சாயங்காலம். மெஸ்ஸில் சாம்பாரில் உப்பு கம்மி என்பதற்காக அழுதேன். நிஜமாகவே கண்ணீர் விட்டு! ரூம்மேட் (என்னைவிட மூன்று வயது சின்னவள்) பயந்துபோய், "அக்கா, வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்றாள். அவளுக்குக்கூட நான் பிடிப்பது தெரியாது. அன்று ராத்திரி சொன்னேன். அவள் கேட்ட ஒரே கேள்வி, "அதான் எப்பப் பாத்தாலும் ஏலக்காய் வாசனையா?" ஹூம், இவ்வளவு நாள் ஒளித்து வைத்த லட்சணம்!

விட்ட முதல் வாரம்தான் உச்சம், அதிலும் முதல் மூன்று நாள் மோசம் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. அதனால் நான்காம் நாள் எனக்கு ஆச்சரியமில்லை. ஆச்சரியப்படுத்தியது ஒன்பதாம் நாள். ஆசையே பெரிதாக இல்லை. ஆனால் ஆறு மணிக்குக் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, யார் பேசினாலும் எரிச்சல். ராத்திரி ரெண்டு மணி வரை தூக்கம் இல்லை. பத்தாம் நாளும் அதே கதை. சிகரெட் இல்லாததால்தான் இப்படி, ஒன்று பிடித்தால் சரியாகிவிடும் என்று மனசு வக்காலத்து வாங்க ஆரம்பித்தது.

மறுநாள் அதே கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். "காபி எத்தனை குடிப்பே?" என்றார். மூன்று, நல்ல டிகாஷன் ஃபில்டர் காபி. "பாதியாக்கு" என்றார். ஏன் என்று அவர் சொன்னதையும், பிறகு நான் லைப்ரரியில் மருந்தியல் புத்தகத்தில் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

காபியில் இருக்கும் கஃபீனை உடைத்து வெளியேற்றுவது கல்லீரலில் இருக்கும் ஒரு என்சைம். சிகரெட் புகையில் இருக்கும் தார் வகைப் பொருட்கள் அந்த என்சைமை அதிகமாகச் சுரக்க வைக்கின்றன. அதனால் புகைப்பவர்களுக்குக் கஃபீன் சீக்கிரம் கரைந்துபோகும், அவர்களும் அதற்கேற்ற மாதிரி காபியைக் கூட்டிக்கொள்வார்கள். விட்ட ஒரு வாரத்துக்குள் என்சைம் பழைய அளவுக்கு இறங்கிவிடும். காபி மட்டும் அதே மூன்று டம்ளர். என்னை மாதிரி எட்டு பிடித்தவளுக்கு அந்த மூன்று, கிட்டத்தட்ட நாலரை காபி குடித்த மாதிரி. நிறையப் பிடித்தவர்களுக்கு இன்னும் அதிகம். இதைச் செய்வது புகைதான், நிகோடின் கிடையாது. அதனால் கம் மென்றாலும் இந்த மாற்றம் வந்தே தீரும். கை நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை எல்லாமே அதிகக் கஃபீனுக்கும் பொருந்தும், சிகரெட்டை விட்டதற்கும் பொருந்தும். அதில்தான் ஆள் ஏமாறுகிறோம்.

(ஆஸ்துமாவுக்குத் தரும் தியோஃபிலின் மாத்திரைக்கும் இதே என்சைம்தான். அந்த மாதிரி மருந்து சாப்பிடுகிறவர்கள் விடும்போது டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.)

காலை ஒரு காபி, நாலரை மணிக்கு அரை டம்ளர் என்று மாற்றினேன். மூன்றாவது கட். பன்னிரண்டாம் நாள் பதினொரு மணிக்கே தூங்கிவிட்டேன்.

ஏன் நாலரை? கம்முக்காக. சிகரெட்டில் இருந்து நிகோடின் மூளைக்குப் போக சில விநாடிகள் போதும். கம்மில் இருந்து ரத்தத்தில் நன்றாக ஏற இருபது முப்பது நிமிஷம் ஆகும். ஐந்தரைக்கு ஆசை வந்த பிறகு கம்மை வாயில் போட்டால், அது வேலை செய்வதற்குள் ஆசையே வந்து போயிருக்கும். அதனால் ஐந்து மணிக்கே போட்டுவிட வேண்டும். அதற்கு முன்னால் பதினைந்து நிமிஷம் காபியோ ஜூஸோ கூடாது. வாயில் புளிப்பு இருந்தால் நிகோடின் உள்ளே ஏறாது. ஆக, நாலரைக்குக் காபி, ஐந்துக்குக் கம், ஐந்தரைக்கு லேப் பின்வாசல் வழியாக வெளியே. டீக்கடைச் சந்து முன்வாசல் பக்கம்.

பதிமூன்றாம் நாளில் இருந்து இந்த ஏற்பாடு நன்றாகவே ஓடியது. கெட்ட சாயங்காலம் என்று எழுதவே இல்லை. இருபத்திரண்டாம் நாள் வரைக்கும்.

அன்று புதன்கிழமை. தீசிஸின் மூன்றாம் அத்தியாயம் முழுக்கச் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. நல்ல மழை. பின்வாசலில் முழங்கால் தண்ணீர், வேறு வழியில்லாமல் முன்வாசல். சந்தில் தார்ப்பாய்க்குக் கீழே நம்ம கோஷ்டி. ஈர மண், இஞ்சி டீ, புகை, மூன்றும் சேர்ந்த அந்த வாசனை! மூன்று வாரம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. கடை அண்ணன் கேட்காமலே ஒன்றை எடுத்து நீட்டினார். "விட்டுட்டேண்ணா" என்றேன். அந்தச் சந்தில் முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சத்தமாகச் சொல்கிறேன். "நல்லதும்மா" என்று சிகரெட்டை டப்பாவில் போட்டுவிட்டு டீயைக் கொடுத்தார். குடித்து முடிக்கவில்லை, நனைந்துகொண்டே ஹாஸ்டலுக்கு ஓடி வந்துவிட்டேன்.

ராத்திரி நோட்டைப் புரட்டியபோது வித்தியாசம் புரிந்தது. முதல் வார ஆசை மெதுவாக ஏறும். கடைசியாக நிகோடின் போய் ரெண்டு மணி நேரத்தில் ஒரு அமைதியின்மை, மூன்று மணி நேரத்தில் சிடுசிடுப்பு. எங்கே இருந்தாலும் வரும். கம் போட்டால் அடங்கும். அது உடம்பு கேட்பது. பொதுவாக இரண்டிலிருந்து நாலு வாரத்தில் குறைந்துவிடுகிறது. இருபத்திரண்டாம் நாள் வந்தது சட்டென்று, ஒரு இடத்தைப் பார்த்து, ஒரு வாசனைக்கு. வாயில் கம் இருக்கும்போதே வந்தது. அந்த இடத்தை விட்டு நகர்ந்து ஐந்து நிமிஷத்தில் போய்விட்டது. இது பழக்கம் கேட்பது. இதற்கு நாள் கணக்கு கிடையாது. மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு ஒரு மழை நாளில் எட்டிப் பார்க்கும். அதற்குக் கம்மைக் கூட்டிப் பிரயோஜனம் இல்லை, காலைத்தான் நகர்த்த வேண்டும்.

மற்ற வரவு செலவு. பத்தாம் நாளில் இருந்து இருமல் அதிகம், காலையில் பழுப்பாகச் சளி. மூச்சுக்குழாயில் இருக்கும் நுண்ணிய முடிகள் மறுபடி வேலை செய்து குப்பையைத் தள்ளுகின்றனவாம். இப்போது குறைந்துவிட்டது. ரெண்டு வாய்ப்புண் வந்து போயின. மலச்சிக்கல் இருந்தது, தினம் ஒரு வாழைப்பழம். ஊருக்குப் போகும்முன் தலைக்குக் குளித்து, துப்பட்டாவை மோந்து பார்த்து, பஸ்ஸில் ஏலக்காய் மெல்லும் வேலை இனி இல்லை. எட்டு சிகரெட், ஒன்று இருபது ரூபாய், முப்பது நாளைக்கு 4,800. கம் இதுவரை இருநூறு, அதற்கு 2,200. மிச்சம் 2,600 ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது. முதல் வாரம் நாளைக்கு ஒன்பது கம், இப்போது நாலைந்து. அதையும் மெதுவாகக் குறைத்து மூன்றாம் மாதக் கடைசியில் நிறுத்துவதாகத் திட்டம்.

அம்மா ராத்திரி போன் செய்தாள். "குரல் தெளிவா இருக்கேடி, சளி விட்டுடுச்சா?" என்றாள். "விட்டுடுச்சும்மா" என்றேன். பிடித்தேன் என்று சொல்லாதவள் விட்டேன் என்று எப்படிச் சொல்வது? அண்ணன் விட்டபோது வீட்டில் பாயசம் வைத்தார்கள். எனக்கு அது கிடையாது. பரவாயில்லை, ரூம்மேட் கேன்டீனில் ஒரு பால்கோவா வாங்கி வைத்திருக்கிறாள்.

நாளை மறுநாள் சனிக்கிழமை, கோஷ்டியில் ஒருத்தியின் கல்யாண ரிசப்ஷன். சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் மண்டபத்து மொட்டை மாடிக்குப் போவார்கள். பையில் நாலு கம், எட்டரை மணிக்கு ஒன்று. ஐஸ்கிரீமை அதற்கு முன்பே சாப்பிட்டுவிட வேண்டும். மாடிப் படி பக்கம் போகாமல் மணப்பெண்ணோடு போட்டோ எடுத்துவிட்டு ஒன்பதே காலுக்குக் கடைசி பஸ் என்று கிளம்பிவிடுவேன். உண்மையில் கடைசி பஸ் பத்தரைக்குத்தான்.