பேசாத நாட்கள்

சண்டை நடந்த வீட்டுக்கு அன்றிரவே போய்ப் பார்த்தால், அங்கே இருப்பது அமைதியா தண்டனையா என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டும் முதல் நாளில் ஒரே மாதிரித்தான் இருக்கும். அறைக்கதவு சாத்தியிருக்கும். சாப்பாடு மூடியபடி இருக்கும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். வித்தியாசம் தெரிய இரண்டு மூன்று நாட்களாவது செல்லும். சமூகவியல் படித்த காலத்தில் இதை நான் கற்றுக்கொள்ளவில்லை. வேலைக்கு வந்தபின் ஓர் அக்காவின் வீட்டில் கற்றேன். சொல்லக் கூச்சமாக இருந்தாலும், மிச்சத்தை என் வீட்டிலேயே கற்றேன்.

அந்த அக்கா எங்கள் மாதர் குழுவில் ஒருவர். சீட்டு எடுத்த காசில் 15,000 ரூபாவைக் கணவரிடம் கேளாமல் தாயின் மருந்துச் செலவுக்குக் கொடுத்துவிட்டார். சண்டை பத்து நிமிடம்தான். அதன்பின் கணவர் கதைப்பதையே நிறுத்திவிட்டார்.

“அடிக்கேல்லை, ஏசேல்லை தங்கச்சி. கதைக்கிறேல்லை, அவ்வளவுதான். இதையும் ஒரு பிரச்சினை எண்டு சொல்லலாமே?” என்று கேட்டார். நாள் நாளாகச் சொல்லுங்கள் அக்கா என்றேன்.

இரண்டாம் நாள், கணவர் எட்டு வயது மகனைக் கூப்பிட்டு, “அம்மாவிட்டைச் சொல்லு, சேட்டுக்குத் தெறி தைக்கச் சொல்லி” என்றாராம். அம்மா இரண்டு முழத் தூரத்தில்தான் நின்றிருக்கிறார். மூன்றாம் நாள் கடையில் சாப்பிட்டுவிட்டு வந்தார். வீட்டில் சமைத்த சோறு கோழிக்குப் போனது. ஆனால் படலையில் நின்று பக்கத்து வீட்டுக்காரரோடு கிரிக்கெட் கதை கதைத்துச் சிரித்திருக்கிறார். ஐந்தாம் நாள் வீட்டுச் செலவுக்குக் காசு வைக்கவில்லை. அக்கா கேட்டபோது, அங்கே ஆளே இல்லாததுபோலக் கடந்து போனார். ஏழாம் நாள் மகன் வயிற்றுவலி என்று பள்ளிக்கூடம் போகவில்லை. ஒன்பதாம் நாள் அக்கா மன்னிப்புக் கேட்டார். காசு கொடுத்ததற்காக மட்டுமல்ல, “நான் என்ன பிழை விட்டிருந்தாலும்” என்று மொத்தமாகக் கேட்டார். பதினோராம் நாள் கணவர் “தேத்தண்ணி தா” என்றார். அதுதான் மன்னிப்பு.

காசு பற்றிய பேச்சு பிறகும் எழவில்லை. ஆனால் இனித் தாய்க்கு ஒன்றும் கொடுப்பதில்லை என்று அக்கா தனக்குள் முடிவெடுத்துவிட்டார். அப்படி அவரிடம் யாரும் சொல்லவில்லை. பேசாமை அதைச் செய்து முடித்தது. முன்பு நடந்தவற்றைக் கேட்டேன். முதலில் இரண்டு நாள், அதற்கடுத்த முறை நான்கு நாள், இப்போது பதினொரு நாள்.

அதே மாதம் என் வீட்டில் ஒரு சண்டை. சிநேகிதர் ஒருவரின் வங்கிக் கடனுக்கு என் கணவர் எனக்குச் சொல்லாமல் பிணை நின்றிருந்தார். நான் சத்தம் போட்டேன். அவர் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “இப்ப கதைச்சா நான் பிழையா ஏதும் சொல்லிப்போடுவன். நாளைக்கு இரவு பிள்ளை படுத்தாப்பிறகு கதைப்பம்” என்று விறாந்தைக்குப் போய்விட்டார். அக்காவின் கதை என் மனதில் இருந்தது. இவரும் அதே ஆள்தானே என்று எண்ணிக்கொண்டேன்.

காலையில் வழக்கம்போலத் தேநீர் வைத்தார். “இண்டைக்கு எத்தனை மணிக்கு வருவீர்?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. இரவு, சொன்னபடியே வந்து, “இப்ப கதைப்பமே?” என்றார். “ஒண்டுமில்லை” என்று திரும்பிப் படுத்தேன். மூன்றாம் நாள் குசினியில் நின்றபடி ஆறு வயது மகளிடம், “அப்பாவிட்டைச் சொல்லு, காஸ் முடிஞ்சுது எண்டு” என்றேன். பிள்ளை இரண்டு எட்டு நடந்துபோய் அதை அப்படியே சொன்னது. எனக்கு அந்தச் சேட்டுத் தெறி நினைவு வந்தது. எங்கள் வீட்டில் அமைதி தேடியவர் அவர். தண்டனை கொடுத்துக்கொண்டிருந்தவள் நான்.

அமைதி தேவை என்பது சாட்டல்ல. தம்பதியரின் சண்டைகளை நீண்டகாலம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜோன் கொட்மன், கடும் வாக்குவாதத்தில் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டும்போது மற்றவர் சொல்வது சரியாக மனதில் ஏறாது என்கிறார். உடல் ஆறக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். அந்த நேரத்திலும் “அவர் எப்படி அப்படிச் சொல்லலாம்” என்று மனதுக்குள் திருப்பித் திருப்பி ஓட்டிக்கொண்டிருந்தால் உடல் ஆறாது. ஒரு நடை, கிணற்றடியில் ஒரு குளிப்பு, ஒரு சஞ்சிகை உதவும். சிலருக்கு ஓர் இரவு, இன்னும் சிலருக்கு ஒரு முழுநாள் தேவைப்படலாம். ஆனால் ஐந்தாம் நாள் காசு வைக்காமல் போவதற்கும் இதயத்துடிப்புக்கும் தொடர்பில்லை.

ஆகவே இப்போது நான் சண்டையின் காரணத்தைவிட அடுத்த நாட்களைப் பற்றியே அதிகம் கேட்கிறேன். எப்போது கதைப்பேன் என்று அவர் சொன்னாரா? சொன்ன நேரத்துக்கு வந்தாரா? சாப்பாடு, செலவு, பிள்ளை பற்றிய சாதாரண வார்த்தைகள் தொடர்ந்தனவா? மௌனம் எல்லோரிடமுமா, ஒருவரிடம் மட்டுமா? கடைசியில், விஷயம் பேசப்பட்டு முடிந்ததா, ஒருவர் பணிந்ததால் முடிந்ததா? அமைதி தேடுபவர் திரும்பி வரும் வழியைத் திறந்து வைத்துவிட்டுப் போவார். தண்டிப்பவர் மற்றவரை வாசலில் காக்க வைப்பார்.

இந்தக் கேள்விகளுக்குள் அடங்காத மௌனங்களும் உண்டு. அடிக்குப் பயந்து வாய் திறவாதவர் யாரையும் தண்டிக்கவில்லை. எல்லோரிடமிருந்தும் ஒதுங்கி, உணவும் உறக்கமும் குறைந்து இரண்டு வாரம் கடந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போக வேண்டும். எங்கள் நாட்டின் 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உணர்வு ரீதியான துன்புறுத்தலையும் வன்முறையாக ஏற்கிறது. எல்லாப் பேசாமையும் அதற்குள் வராது. ஆனால் காசை மறிப்பதும் அவமதிப்பதும் தொடர்கதையானால் 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்தில் கேட்கலாம்.

அன்றிரவே நான் கணவரிடம் போய், “மூண்டு நாளாய் நான் செய்தது பிழை. இப்ப கதைப்பம்” என்றேன். ஒன்றரை மணித்தியாலம் கதைத்தோம். பிணை நின்றது நின்றதுதான். எனக்குக் கோபமும் முற்றாகப் போகவில்லை. ஆனால் இனிக் கடன் பத்திரம் எதிலும் இருவரும் பார்த்த பின்பே கையெழுத்து என்று முடிவாயிற்று.

அக்காவுக்கு அவ்வளவு இலகுவாக இருக்கவில்லை. அடுத்த சண்டையின் இரண்டாம் நாள் அவர் கணவரிடம் ஒரே ஒரு தடவை, “உங்களுக்குக் கோபம் ஆற நேரம் வேணுமெண்டால் எடுங்கோ. எப்ப கதைப்பியள் எண்டு மட்டும் சொல்லுங்கோ. பிள்ளையைத் தூது விடாதேங்கோ” என்று சொல்லியிருக்கிறார். மகனிடமும், “அப்பா சொல்லுறதை நீ கொண்டு வர வேண்டாம் ராசா, அவர் என்னட்டைச் சொல்லட்டும்” என்றிருக்கிறார். செய்யாத பிழைக்கு மன்னிப்புக் கேட்கவில்லை.

அவர் கதைக்க எத்தனை நாள் சென்றது என்று கேட்டேன்.

“ஆறு நாள் தங்கச்சி” என்றார். “ஆனா பொடியன் ஒரு நாளும் பள்ளிக்கூடம் விடேல்லை.”