மருந்துக்கடைச் சிலுவையும் மாமியின் மூன்று போட்டோக்களும்

பாண்டி பஜாரில் பனகல் பார்க் பக்கமிருந்து நடக்க ஆரம்பித்தால், நாலு கடைக்கு ஒரு மருந்துக்கடை வருகிறது. போர்டுகளைப் பாருங்கள். ஒன்றில் சிவப்பு பிளஸ். அடுத்ததில் பச்சை பிளஸ், அதுவும் ராத்திரியில் சுற்றிச் சுற்றி எரிகிற விளக்கு. பக்கத்து லேபில் நீலம். டாக்டர் வீட்டு வாசலில் நிற்கும் காரின் கண்ணாடியில் மறுபடியும் சிவப்பு. நமக்கு இது எல்லாம் ஒன்றுதான். பிளஸ் என்றால் மருந்து, அவ்வளவே.

புதுவையில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் பாதிப் பேருக்கு ஃப்ரான்ஸில் அண்ணனோ மாமனோ இருப்பார்கள். அங்கிருந்து வரும் போட்டோக்களில் மருந்துக்கடைச் சிலுவை எப்போதும் பச்சைதான். 'க்ருவா வெர்த்', அதாவது பச்சைச் சிலுவை என்றே அதற்குப் பெயர். ஒரே சிலுவை அங்கே ஏன் பச்சை, இங்கே ஏன் சிவப்பு? இதைத் தெரிந்துகொண்டால் பழைய தெருப் போட்டோ ஒன்றைக் கையில் எடுத்ததும் அது எந்த நாடு என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

விஷயம் 1864இல் ஆரம்பிக்கிறது. போர்க்களத்தில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் செய்பவர்களைச் சுடக்கூடாது என்று ஜெனீவாவில் ஒப்பந்தம் செய்தார்கள். அவர்களை அடையாளம் காட்ட வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை. சுவிட்சர்லாந்து நாட்டுக் கொடியின் நிறங்களை மாற்றிப் போட்டது. 1876இல் ருஷ்யாவோடு போர் நெருங்கிய நேரத்தில் துருக்கி சுல்தானின் அரசு, சிலுவைக்குப் பதில் சிவப்புப் பிறையை வைத்துக்கொள்வோம் என்றது. 1929 ஒப்பந்தத்தில் பிறையும் முறையாக ஏறிவிட்டது.

ஆக, சிவப்புச் சிலுவையும் சிவப்புப் பிறையும் 'இங்கே மருந்து கிடைக்கும்' என்ற அறிவிப்பு அல்ல. 'இவரைச் சுடாதே' என்ற அறிவிப்பு. சோடாக் கடையும் பல்பொடிக் கம்பெனியும் அதை எடுத்துப் போட்டுக்கொண்டால், சண்டை நேரத்தில் அந்தக் குறிக்கு யார் மதிப்புக் கொடுப்பார்கள்? அதனால் 1906இல் ஒப்பந்தத்தைத் திருத்தியபோது, வியாபாரத்துக்கு இதைப் பயன்படுத்தக்கூடாது என்று ஒவ்வொரு நாடும் சட்டம் போடவேண்டும் என்றார்கள். ஃப்ரான்ஸ் 1913இல் சட்டம் போட்டது. மருந்துக்கடைக்காரர்கள் சிவப்பை விட்டுவிட்டுப் பச்சைக்குப் போனார்கள். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் இன்று பச்சைச் சிலுவைதான்.

நம் நாட்டிலும் சட்டம் உண்டு. 1960ஆம் வருஷத்து ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டம். மத்திய அரசின் அனுமதி இல்லாமல் சிவப்புச் சிலுவையையோ பிறையையோ யாரும் போட்டுக்கொள்ளக் கூடாது. மீறினால் 500 ரூபாய் வரை அபராதம். அன்றைக்கு அது என்னைப் போன்ற குமாஸ்தாவுக்குச் சில மாதச் சம்பளம். இன்றைக்கு ஒரு கடைக்காரர் போர்டு எழுதக் கொடுக்கும் கூலிக்குக்கூடக் காணாது. அதனால்தான் நம் ஊரில் சிவப்பு இன்னும் நிற்கிறது. ஒரு போட்டோவில் சாதாரண மருந்துக்கடை மேல் சிவப்புச் சிலுவை தெரிந்தால், முதலில் நம் துணைக்கண்டத்தை நினையுங்கள். கூடவே 'மெடிக்கல்ஸ்' என்று பன்மையில் எழுதியிருந்தால் பெரும்பாலும் தென்னிந்தியா. வடக்கே 'மெடிக்கல் ஸ்டோர்', 'கெமிஸ்ட்', கல்கத்தா பக்கம் 'மெடிக்கல் ஹால்' என்பார்கள்.

இதெல்லாம் எனக்கு ஒரு நாள் உபயோகப்பட்டது. எங்கள் ஃபிளாட்டில் கீழ்த்தளத்தில் ஒரு மாமி இருக்கிறார். கணவர் சரக்குக் கப்பலில் எஞ்சினியராக இருந்தவர். காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. மாமி ஒரு கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே மூன்று கலர் போட்டோக்கள். மூன்றிலும் அவர் ஏதோ ஒரு தெருவில் நிற்கிறார். பின்னால் ஒரு எழுத்தும் இல்லை.

"இதெல்லாம் எந்த ஊருன்னு நேக்குத் தெரியாது சார். அவர் இருந்தவரைக்கும் கேக்கத் தோணலை. நான் போயிட்டா பேரனுக்குச் சொல்ல ஆளே இல்லை. நீங்க பாத்து ஊர் பேரை எழுதிக் குடுங்கோ."

முதல் போட்டோ சுலபம். அவருக்குப் பின்னால் ஒரு கடை வாசலில் சிவப்பில் பெரிய 'ஏ' எழுத்து, பழைய கோத்திக் பாணியில். எழுத்துக்குள்ளே ஒரு கிண்ணம், அதைச் சுற்றி ஒரு பாம்பு. இது ஜெர்மனி. 'அப்போதெக்கெ' என்ற சொல்லின் முதல் எழுத்துதான் அந்த ஏ. கடைக்கு முன்னால் நின்ற காரின் நம்பர் எச்.எச். என்று ஆரம்பித்தது. அது ஹம்பர்க் நகரத்து எழுத்து. கப்பல்காரர் ஹம்பர்க் துறைமுகத்தில் இறங்கியதில் ஆச்சரியமில்லை.

இரண்டாவது போட்டோவில் கடைப் பெயரை என்னால் உடனே படிக்க முடிந்தது: 'ஃபர்மஸீ' என்று பிரெஞ்சில், பக்கத்தில் அரபியில். மேலே ஒரு பிறை. ஆனால் பிறை பழுப்பு நிறமாகத் தெரிந்தது. அது சிவப்பா, பச்சையா? எழுபதுகளின் கலர் பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம்தான் சீக்கிரம் மங்கும். படம் முழுக்கச் செம்மை ஏறிவிடும். அதனால் நிறத்தை அப்படியே நம்பக்கூடாது. அதே படத்தில் நமக்கு நிறம் தெரிந்த பொருள் ஒன்றைத் தேடவேண்டும். தெருவோரத்தில் ஒரு ஈச்சமரம் நின்றது. அதன் ஓலையும் பிறையும் ஒரே பழுப்பு. அவர் கையில் வைத்திருந்த சிகரெட் பெட்டி மட்டும் பளிச்சென்று சிவப்பு. ஆகவே பிறை பச்சைதான்.

பச்சைப் பிறையும் பிரெஞ்சுப் பெயரும் சேர்ந்தால், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போன வட ஆப்பிரிக்கா. நிறத்தை ஃப்ரான்ஸிடமிருந்து வைத்துக்கொண்டார்கள்; சிலுவையை மட்டும் பிறையாக மாற்றினார்கள். அல்ஜீரியாவா, துனீசியாவா, மொராக்கோவா என்று படத்தை வைத்துச் சொல்ல வழியில்லை. கார் நம்பர் எதுவும் விழவில்லை. 'வட ஆப்பிரிக்கத் துறைமுகம்' என்று மட்டும் எழுதினேன். கறுப்பு வெள்ளைப் படமாக இருந்திருந்தால் நிறமே தெரியாது. வெறும் பிறையை வைத்து அது மருந்துக்கடையா, செம்பிறைச் சங்கமா என்றுகூடச் சொல்லியிருக்க முடியாது.

மூன்றாவது போட்டோவைக் கொடுக்கும்போது மாமி கொஞ்சம் தயங்கினார். 1974இல் நாலு மாசம் அவரிடமிருந்து கடிதமே இல்லையாம். திரும்பி வந்து, பினாங்கில் மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் கிடந்தேன் என்றாராம். மாமியாருக்கும் நாத்தனாருக்கும் நம்பிக்கை இல்லை. "அவா என்னென்னமோ பேசினா சார். நான் ஒண்ணும் கேக்கலை," என்றார் மாமி.

படத்தில் மனிதர் மெலிந்துபோய்ப் படியில் நிற்கிறார். பின்னால் ஒரு ஆம்புலன்ஸ், அதில் சிவப்புச் சிலுவை. கீழே 'பலாங் மேரா' என்ற எழுத்து. மலாய் மொழியில் செஞ்சிலுவை என்று அர்த்தம். இந்தோனேஷியாவிலும் இதே சொல்தான். முஸ்லிம்கள் பெரும்பான்மையான நாடாக இருந்தும் அவர்கள் இன்றுவரை சிலுவையையே வைத்திருக்கிறார்கள். பிறை என்றால் முஸ்லிம் நாடு, சிலுவை என்றால் இல்லை என்று கணக்குப் போடுகிறவர்கள் இங்கேதான் வழுக்கி விழுவார்கள். ஆனால் இந்தோனேஷிய வண்டிகளில் எண்ணுக்கு முன்னும் பின்னும் எழுத்து வரும். இந்த ஆம்புலன்ஸில் முன்னால் மட்டும் பி என்ற எழுத்து, ஆங்கில அரிச்சுவடியின் பதினாறாவது எழுத்து. அது பினாங்குக்கு உரியது. எதிர்ச் சாரியில் ஒரு கடை போர்டில் சீன எழுத்து இருந்தது. அந்தக் காலத்தில் இந்தோனேஷியாவில் சீன எழுத்துக்குத் தடை. ஆகவே ஊர் பினாங்குதான்.

வருஷம்? மலேசியச் செஞ்சிலுவைச் சங்கம் 1975இல்தான் பெயரையும் குறியையும் செம்பிறையாக மாற்றிக்கொண்டது. அதற்குப் பிறகு வண்டிகளில் 'புலான் சாபிட் மேரா', சிவப்புப் பிறை. பாகிஸ்தானில் இந்த மாற்றம் 1974இல் வந்தது, பங்களாதேஷில் 1988இல். சிலுவை போட்ட மலேசிய ஆம்புலன்ஸ் என்றால், படம் 1975இலோ அதற்கு முன்போ எடுத்தது. சட்டம் மாறிய மறுநாளே எல்லா வண்டிக்கும் பெயிண்ட் அடித்திருக்க மாட்டார்கள். சில மாதங்கள் கூடக் குறையலாம். போட்டோ ஒன்றே சாட்சி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் சொன்ன ஊரும் சரி, சொன்ன காலத்துக்கும் பொருந்துகிறது. ஆளின் உடம்பைப் பார்த்தால் காமாலையும் பொருந்துகிறது.

இதை ஒவ்வொன்றாக விளக்கிச் சொன்னேன். மாமி பூதக்கண்ணாடியை வாங்கி அந்தச் சிலுவையை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "பேனாவைக் குடுங்கோ, இதை மட்டும் நானே எழுதறேன்," என்று வாங்கி, போட்டோவைத் திருப்பி எழுதினார்: 'பினாங்கு ஆஸ்பத்திரி, 1974.'